இருவருக்கும் ஒரே சமயத்தில் திசை மாறுகிறது: வரனை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி:

எனக்கு 28 வயது 5 மாதம். பூராடம், தனுசு ராசி, மிதுன லக்னம். ஜாதகத்தில் ‘சுக்கிர திசை இருப்பு 6 வருடம்’ என்று எழுதியிருக்கிறது. இப்போது செவ்வாய் திசை முடியப்போகிறது, அடுத்து ராகு. பார்த்திருக்கும் வரனுக்கு 31 வயது 7 மாதம். அஸ்தம், கன்னி ராசி, கடக லக்னம், ‘சந்திர திசை இருப்பு 7 வருடம்’. அவருக்கு ராகு திசை முடிந்து குரு திசை வரப்போகிறது. ரஜ்ஜு இருக்கிறது, இரண்டு வீட்டுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு ஜோதிடர், “தசா சந்தி, செய்யவே கூடாது” என்கிறார். போதாததற்கு எனக்கு அர்த்தாஷ்டமச் சனி, அவருக்குக் கண்டச் சனி. இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கெட்ட காலம் என்றால் விட்டுவிடுவதுதான் நல்லதா? இருவர் ஜாதக நகலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தசா சந்தி என்ற ஒன்றை மட்டும் வைத்து இந்த வரனை விட வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஜோதிடர் எதைப் பார்த்துப் பயந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

ஒரு திசை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் சந்தி. அது ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் பல முறை வரும். கல்யாணப் பொருத்தத்தில் பேசப்படுவது வேறு: பெண்ணின் திசை முடியும் நாளும் பையனின் திசை முடியும் நாளும் அடுத்தடுத்து வருகிறதா என்று பார்ப்பது. ஆறு மாதத்துக்குள் வந்தால் சந்தி என்று பெரும்பாலோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் இடைவெளி கேட்பவர்களும் உண்டு. கேரளத்தில் இதற்கு நம்மைவிட அதிக மரியாதை. அங்கே மூன்று சந்திகளைத் தனியாகப் பெயர் சொல்லிப் பயப்படுவார்கள்: செவ்வாயிலிருந்து ராகு, ராகுவிலிருந்து குரு, சுக்கிரனிலிருந்து சூரியன். உங்களுக்கு அதில் முதலாவது, அவருக்கு இரண்டாவது. உங்கள் செவ்வாய் திசை 29 வயது நிறையும்போது முடிகிறது, அதாவது இன்னும் 7 மாதத்தில். அவருடைய ராகு திசை 32 வயது நிறையும்போது, அதாவது இன்னும் 5 மாதத்தில். நடுவே இரண்டே மாதம். பேர் போன இரண்டு சந்தியும் இரண்டு மாத இடைவெளியில் என்றால், கேட்டவுடன் எந்த ஜோதிடரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

விதிக்குப் பின்னால் இருக்கும் யோசனை எளிமையானது. திசை மாறும்போது ஒருவருக்கு வேலை, உடம்பு, மனசு என்று ஏதாவது ஆட்டம் காணும் என்பது மரபு. அப்போது வீட்டில் இன்னொருவர் நிலையாக இருந்தால் சமாளித்துவிடலாம். இருவருக்கும் ஒரே சமயத்தில் ஆட்டம் வந்தால் தாங்க ஆள் இல்லை. யோசனையில் தவறில்லை. ஆனால் ஆறு மாதம் என்று ஒரு கோட்டைப் போட்டு அதன் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், அந்தத் தேதிகள் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் சிக்கல் அங்கேதான்.

திசை இருப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். பிறந்த நேரத்தில் சந்திரன் அந்த நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் கடந்துவிட்டது, எவ்வளவு பாக்கி என்பதுதான் அடிப்படை. பூராடம் அன்று மொத்தம் 60 நாழிகை இருந்து, நீங்கள் பிறந்தபோது 18 நாழிகை பாக்கி என்றால், சுக்கிரனின் 20 வருடத்தில் அறுபதில் பதினெட்டுப் பங்கு, அதாவது 6 வருடம் இருப்பு. அதற்கு மேல் சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7 என்று கூட்டினால் 29. அவருக்கு அஸ்தத்தில் 42 நாழிகை பாக்கி. சந்திரனின் 10 வருடத்தில் அது 7 வருடம். செவ்வாய் 7, ராகு 18 சேர்த்தால் 32. (நட்சத்திரம் எல்லா நாளும் சரியாக 60 நாழிகை இருப்பதில்லை, கூடக் குறைய இருக்கும். கணக்கு புரிவதற்காக 60 என்று வைத்துக்கொள்வோம்.)

இதில் கவனிக்க வேண்டியது, பிறந்த திசை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குப் பிழையும் பெருகும் என்பது. உங்களுக்குப் பிறப்பில் சுக்கிர திசை. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் தவறினால், இருப்பு 4 மாதம் மாறும். அவருக்குப் பிறப்பில் சந்திர திசை, அதனால் அதே 24 நிமிடத்துக்கு 2 மாதம். இப்போது நடப்பது செவ்வாயா ராகுவா என்பது இதில் வராது. ஆரம்பத்தில் விழுந்த பிழை அப்படியே கடைசி வரை கூட வரும். உங்கள் ஜாதகத்தில் பிறந்த நேரம் பிற்பகல் 2.30 என்று முழு அரைமணியாக எழுதியிருக்கிறது. அவருடையதில் 7.42. அரைமணிக் கணக்கில் எழுதிய நேரத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும். யாரோ கடிகாரத்தைப் பார்த்து ‘சுமார் இரண்டரை’ என்று சொல்லியிருப்பார்கள், எழுதியவர் ‘சுமார்’ என்பதை விட்டிருப்பார். வெறும் 12 நிமிடம் முன்னே பின்னே இருந்தாலே உங்கள் திசை முடிவு 2 மாதம் நகரும். உங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. உங்கள் ஜாதகம் நோட்டில் கையால் எழுதியது, வாக்கியப் பஞ்சாங்கப்படி. அவருடையது கம்ப்யூட்டர் பிரிண்ட், திருக்கணிதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திசை முடிவை ஒப்பிட்டிருக்கிறார்கள். இந்த ஒப்பீடு செல்லாது. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதற்குச் சனிப் பெயர்ச்சியே சாட்சி: மீனத்துக்குச் சனி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று போய்விட்டது, வாக்கியப்படி 2026 மார்ச் 6 அன்றுதான் போனது. சந்திரனில் அவ்வளவு வராது, ஆனால் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில நிமிடத்திலிருந்து மணிக்கணக்கு வரை நாளுக்கு நாள் வேறுபாடு இருக்கும். எது சரி என்ற சண்டைக்கு நான் இங்கே போகவில்லை. திசைக் கணக்குக்கு நான் திருக்கணிதத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் குடும்ப வழக்கப்படி வாக்கியத்தை எடுத்துக்கொண்டாலும் சரி. ஆனால் இரண்டு பேருக்கும் ஒன்றையே எடுக்க வேண்டும்.

உங்கள் ஜாதகத்தைத் திருக்கணிதத்தில் போட்டுப் பார்த்தேன். பூராடம் 36 நிமிடம் தள்ளி முடிகிறது, அதாவது ஒன்றரை நாழிகை கூடுதல் பாக்கி. நாழிகைக்கு 4 மாதம் என்றால் 6 மாதம். இருப்பு 6 வருடம் 6 மாதம் ஆகிறது. ஆக, செவ்வாய் திசை முடிவது 29 வயதில் அல்ல, இருபத்தொன்பதரை வயதில். இன்னும் 13 மாதம் இருக்கிறது. அவருக்கு 5 மாதம். இடைவெளி 8 மாதம் ஆகிவிட்டது. ஆறு மாத விதியைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டாலும் இப்போது சந்தி இல்லை.

“அப்பாடா” என்று விட்டுவிடாதீர்கள், கணக்கை இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். அவருக்கு அடுத்து குரு 16, பிறகு சனி 19. உங்களுக்கு ராகு 18, பிறகு குரு 16. திருத்திய கணக்குப்படி உங்கள் குரு திசை இன்றிலிருந்து 35 வருடம் 1 மாதத்தில் முடியும். அவருடைய சனி திசை 35 வருடம் 5 மாதத்தில் முடியும். நாலே மாதம். இங்கே தப்பித்த சந்தி உங்களுக்கு 63 வயதிலும் அவருக்கு 67 வயதிலும் வந்து நிற்கிறது. பழைய கணக்குப்படி பார்த்தால் அந்த இடத்தில் 10 மாத இடைவெளி, சந்தி கிடையாது. இதைச் சொல்வது அறுபது வயதுக்கு இப்போதே பயப்படச் சொல்வதற்கு அல்ல. சேர்ந்து ஐம்பது வருடம் வாழும் தம்பதிக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இரண்டு திசை முடிவுகள் பக்கத்தில் வருவது சாதாரணம். கல்யாணத் தேதிக்குப் பக்கத்தில் வருவதை மட்டும் எடுத்துப் பெரிதாக்குகிறோம், மற்றதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

அப்படியானால் இந்த விதி எங்கே உண்மையாகவே எடை உள்ளது? இருவருக்கும் ஒரே திசை, கிட்டத்தட்ட ஒரே அளவு இருப்போடு ஓடும்போது. அங்கேதான் இடைவெளி மாறாது. இன்று மூன்று மாதம் என்றால் அடுத்த திசையிலும் மூன்று மாதம், அதற்கடுத்ததிலும் மூன்று மாதம். வாழ்க்கை முழுக்க இருவரும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குவார்கள். ‘ஏக திசை ஆகாது’ என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பெரும்பாலும் இது ஒரே அதிபதியின் நட்சத்திரத்தில் பிறந்த, வயது நெருங்கிய இருவருக்கு வரும். பரணிக்கும் பூராடத்துக்கும் சுக்கிரன், ரோகிணிக்கும் அஸ்தத்துக்கும் சந்திரன் என்பது போல. கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஒரே அதிபதியின் மூன்று நட்சத்திரங்களும் எப்போதும் ஒரே ரஜ்ஜுவில்தான் இருக்கும். சுக்கிரனுடைய பரணி, பூரம், பூராடம் மூன்றும் தொடை ரஜ்ஜு. சந்திரனுடைய ரோகிணி, அஸ்தம், திருவோணம் மூன்றும் கண்ட ரஜ்ஜு. ஒன்பது அதிபதிகளுக்கும் இப்படியே. ரஜ்ஜு பார்த்து ஒதுக்கும்போதே இந்த வகைத் திசை நெருக்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடுகிறது. பத்துப் பொருத்தத்தில் தசா சந்தி என்று தனியாக ஒன்று இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். உங்களுக்குத் தொடை, அவருக்குக் கண்டம். ரஜ்ஜு வேறு, திசை வரிசையில் நிற்கும் இடமும் வேறு.

அடுத்து, ‘இருவருக்கும் கெட்ட காலம்’ என்ற பேச்சு. சனியை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த நேரத்திலும் மூன்று ராசிக்கு ஏழரைச் சனி, ஒன்றுக்கு அஷ்டமம், ஒன்றுக்கு அர்த்தாஷ்டமம், ஒன்றுக்குக் கண்டம். பன்னிரண்டில் ஆறு ராசி எப்போதும் ஏதோ ஒரு சனியில் இருக்கும். பாதிப் பேருக்குச் சனி என்றால், கண்ணை மூடிக்கொண்டு எந்த ஜோடியை எடுத்தாலும் நாலில் ஒன்றில் இருவருக்குமே சனி இருக்கும். இதைக் காரணமாக வைத்து வரனைத் தள்ளினால் ஊரில் நாலில் ஒரு கல்யாணம் நடக்காது. கோசாரம் திசைக்கு அடுத்தபடிதான். திசை நன்றாக இருந்தால் சனி கொஞ்சம் அலைச்சல் கொடுத்துவிட்டுப் போகும் என்றுதான் மரபும் சொல்கிறது.

திசைகளுக்கும் இதே கதை. கடுமை என்று பேர் வாங்கிய சூரியன், செவ்வாய், ராகு, சனி, கேது ஐந்தின் வருடங்களைக் கூட்டினால் 57. மொத்தம் 120. பேரை மட்டும் பார்த்தால் ஒருவர் ஆயுளில் பாதி கெட்ட காலம்தான். அதனால் ராகு திசை என்று கேட்டதும் பயப்படாமல், அந்த ராகு உங்கள் லக்னத்துக்கு எந்த வீட்டில், யார் வீட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு மிதுன லக்னம், ராகு சிம்மத்தில், மூன்றாம் இடத்தில். ராகுவுக்கு 3, 6, 11 நல்ல இடங்கள் என்பதில் ஜோதிடர்களுக்குள் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. வீடு கொடுத்த சூரியன் ஒன்பதில், கும்பத்தில் இருந்து தன் வீட்டையே பார்க்கிறது. இந்த ராகுவை நான் கெட்ட ராகு என்று சொல்ல மாட்டேன். முயற்சி, இடமாற்றம், வெளித் தொடர்பு என்று ஓட வைக்கும். முதலில் ஓடும் ராகு திசை ராகு புத்தி 2 வருடம் 8 மாதம் 12 நாள். அதில் அவசரமாக முடிவெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

அவருக்குக் கடக லக்னம், குரு விருச்சிகத்தில், ஐந்தாம் இடத்தில். ஆறாம் அதிபதியும் அவர்தான், ஒன்பதாம் அதிபதியும் அவர்தான். ஆனால் திரிகோணத்தில் நின்று ஒன்பதையும் லக்னத்தையும் பார்க்கிறார். ஆறாம் ஆதிபத்தியத்துக்காகக் கடன், வழக்கு, வயிறு என்று சின்னச் சின்னத் தொந்தரவு இருக்கலாம், மொத்தத்தில் இது ஏறுமுகத் திசை. இப்போது அவருக்கு நடப்பது ராகு திசையின் கடைசிப் புத்தியான செவ்வாய் புத்தி. ராகு திசையின் முடிவுப் பகுதி கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும் என்பார்கள். அவரோ அவர் வீட்டாரோ இந்த ஒரு வருடமாக வேலையில் நெருக்கடி என்று ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. அப்படி ஒன்றும் இல்லை என்றாலும் நான் வம்புக்குக் காரணம் தேட மாட்டேன்.

ஆக, ஒருவர் கடுமையிலிருந்து நல்ல திசைக்குப் போகிறார், மற்றவர் பேர் கெட்ட ஆனால் இடம் நல்ல திசைக்குப் போகிறார். ‘இரண்டு பேருக்கும் கெட்ட காலம்’ என்ற வர்ணனை இதற்குப் பொருந்தவில்லை. நான் தயங்கியிருக்கக்கூடிய அமைப்பு எது தெரியுமா? வரப்போகும் இரண்டு திசை நாதர்களும் அவரவர் லக்னத்துக்கு 6, 8, 12 சம்பந்தம் பெற்று, பலமும் இல்லாமல், ஏழாம் இடத்தையும் கெடுத்துக்கொண்டு நிற்பது. அதுவும் இருவருக்கும் பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து ஓடுவது. அப்போது சந்தி ஆறு மாதமா எட்டு மாதமா என்பது அற்பமான கேள்வி. திசையே ஒன்றாகச் சிரமம். அந்த ஜாதகங்களில் சந்தி இல்லாவிட்டாலும் நான் யோசிக்கச் சொல்வேன்.

உங்கள் ஜாதகத்தில் என் கண்ணில் பட்டது வேறு. ஏழாம் அதிபதி குரு ஒன்பதில் இருக்கிறார், இடம் நல்லது. ஆனால் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் அஸ்தங்கம். கல்யாணம் 28 வயது வரை தள்ளிப்போனதற்கு ஜோதிடத்தில் காரணம் தேடினால் நான் இங்கேதான் தேடுவேன். இது கல்யாணத்தைத் தடுக்கும் அமைப்பு இல்லை. ஆனால் உங்கள் பக்கத்து ஜோதிடர் தசா சந்தியில் செலவழித்த நேரத்தில் பாதியை இதற்கும், அவருக்கு ஏழாம் அதிபதியான சனி எட்டில் கும்பத்தில் ஆட்சியாக இருப்பதற்கும் செலவழித்திருக்கலாம். ஒருவருக்கு ஏழாம் அதிபதி நல்ல இடத்தில் பலம் குறைவு, மற்றவருக்கு மறைவிடத்தில் பலம் அதிகம். எனக்கு இது சமாளிக்கக்கூடிய சேர்க்கையாகவே படுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திசை எப்போது முடியும் என்பது கணக்கு, பஞ்சாங்கத்தை ஒத்துக்கொண்டால் யார் போட்டாலும் அதே விடை வரும். முடியும்போது என்ன நடக்கும் என்பது மரபும் அனுபவமும் சொல்வது. அதை யாரும் ஆய்வு செய்து நிரூபித்துக் கையில் கொடுத்ததில்லை. “சந்தியில் செய்தால் பிரிந்துவிடுவார்கள்” என்று அடித்துச் சொல்பவரிடம் நீங்கள் எதிர்வாதம் செய்ய வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சந்தி சாந்தி ஹோமம் என்று ஒரு பெரிய தொகை சொன்னாலும் அப்படியே. ஹோமம் செய்து திசை முடியும் தேதியை மாற்ற முடியாது. கோவிலுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, அதற்கு யாருடைய சீட்டும் தேவையில்லை.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் பிறப்புச் சான்றிதழிலோ மருத்துவமனைக் குறிப்பிலோ பிறந்த நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்துக்கு, இருவர் ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தில், ஒரே ஜோதிடரை வைத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நேரம் எங்கும் கிடைக்கவில்லை என்றால் பழைய திசை மாற்றங்களை வைத்துச் சோதிக்கலாம்: சந்திரன் முடிந்து செவ்வாய் வந்தது 22 வயதிலா, இருபத்திரண்டரையிலா? அந்த ஆறு மாதத்தில் படிப்பு, வேலை, வீடு எது மாறியது? இதற்கும் ஒரு எல்லை உண்டு. நாம் தேடினால் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி கிடைத்துவிடும். அதனால் பெரிதாக, தேதி தெரிந்த சம்பவம் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத் தேதியைப் பொறுத்தவரை, இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் மனம் சமாதானமாக வேண்டுமானால், நிச்சயத்தை இப்போது வைத்துக்கொண்டு முகூர்த்தத்தை அவருடைய குரு திசை தொடங்கி ஓரிரு மாதம் கழித்து வையுங்கள். ஆறேழு மாதம் என்பது மண்டபம் பார்க்கவே ஆகும் காலம்தான். திருக்கணிதப்படி அப்போது உங்களுக்குச் செவ்வாய் திசை இன்னும் ஆறு மாதமாவது பாக்கி இருக்கும். உங்கள் திசை மாறும் நேரத்தில் அவர் ஏற்கனவே புதுத் திசையில் நிலைத்திருப்பார். உங்கள் ராகு தொடங்கும் சமயத்தில் இருவரும் சேர்ந்து வேலையை விடுவது, இருவர் பேரிலும் பெரிய கடன் வாங்குவது போன்ற முடிவுகளைச் சில மாதம் தள்ளிப்போடலாம். வாக்கியப்படிதான் போவோம் என்று உங்கள் வீட்டில் பிடிவாதமாக இருந்தால், அவருடைய ஜாதகத்தையும் வாக்கியத்தில் போட்டு எனக்கு அனுப்புங்கள். இடைவெளி எவ்வளவு வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.